பின் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்வது ஏன்? ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: "முன்சக்கர இழுவை உள்ள கார். டயர் 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின் டயர் இரண்டும் உள்பக்க ஓரத்தில் அலை அலையாகத் தேய்ந்து, 60-க்கு மேல் போனால் 'ஊம்' என்று சத்தம் வருகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தாச்சு, ரிப்போர்ட்டில் எல்லாமே பச்சை. ஒருவர் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பேரிங் என்கிறார், டயரே சரியில்லை என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?"

மூவர் சொன்னதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முன்சக்கர இழுவை காரில் பின் டயரின் உள்ளோரம் மட்டும் அலை அலையாகத் தேய்ந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது பின்சக்கரத்தின் டோ கோணத்தை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேர் திசையை விட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை. அதிலும், ஓடும்போது மட்டும் விலகி, நின்றதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும் டோ. அப்படி விலக விடுவது பெரும்பாலும் சஸ்பென்ஷன் இணைப்பில் இருக்கும், தளர்ந்துபோன ஒரு ரப்பர் புஷ். ஷாக் அப்சார்பர் அதற்கு அடுத்த சந்தேகம்தான். பச்சை ரிப்போர்ட்டை நம்பி அலைன்மென்டைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள். கார் நின்றுகொண்டிருந்தபோது சக்கரம் எங்கே இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. பத்தொன்பது வருடமாக சஸ்பென்ஷனும் அலைன்மென்டும் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கையில் பச்சை ரிப்போர்ட்டோடும் காரில் பாழான டயரோடும் வருகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் டயரில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஏன் உள்ளோரம் மட்டும் தேய்ந்தது என்பது ஒன்று. தேய்ந்தது சமமாகத் தேயாமல் ஏன் அலையாகத் தேய்ந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதால்தான் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

முதல் கேள்வி எளிது. காற்று குறைவாக ஓடினால் டயரின் நடுப்பகுதி பாரம் தாங்காது, இரண்டு ஓரமும் சேர்ந்து தேயும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஆனால் இன்றைய ரேடியல் டயர்களில் டிரெட்டுக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை இருப்பதால், நடுத்தேய்வு பழைய டயர்களில் தெரிந்த அளவுக்குத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் காற்றழுத்தம் மட்டுமே ஒரே ஒரு ஓரத்தைத் தின்னாது. ஒரு பக்கம் மட்டும் போனால் அது கோணத்தின் வேலை. ஒன்று கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பது. இல்லையென்றால் மேலே சொன்ன டோ, சக்கரம் நேர் திசையை விட்டு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. பல கார்களில் பின்சக்கரத்துக்கு ஒன்று, ஒன்றரை டிகிரி உட்சாய்வு கேம்பர் தயாரிப்பிலேயே கொடுத்திருப்பார்கள். டோ சரியாக இருக்கும்வரை அந்தச் சாய்வு டயரை அவ்வளவு சீக்கிரம் தேய்க்காது. டோ கெட்டால், எந்த ஓரம் ஏற்கெனவே அதிக பாரம் சுமக்கிறதோ அந்த ஓரம் முதலில் போகும். உங்கள் உள்ளோரம் போயிருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

டோ எவ்வளவு சின்னக் கோணம் என்பது கணக்குப் போட்டால் புரியும். ஒரு சக்கரம் வெறும் 0.1 டிகிரி திரும்பியிருந்தால், அது உருள நினைக்கும் திசைக்கும் கார் இழுத்துப் போகும் திசைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.7 மீட்டர் வித்தியாசம் வரும். 0.3 டிகிரி என்றால் 5 மீட்டருக்கு மேல். அத்தனை மீட்டரும் ரப்பர் தரையில் உரசுகிறது என்று அர்த்தமில்லை. ரப்பர் வளைந்து கொடுத்து அதில் பெரும் பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வளைந்து கொடுப்பதில்தான் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது.

டயரின் ஓரத்தில் தனித்தனியாக நிற்கும் ரப்பர் பட்டன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் உருளும்போது அது தரையைத் தொட்டு, பாரம் ஏறி, தரையோடு ஒட்டிக்கொள்கிறது. சக்கரம் கோணலாக உருள்வதால், ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய நேரத்தில் பட்டன் பக்கவாட்டில் இழுபட்டு வளைகிறது. தரையை விட்டு எழும்பும் இடத்துக்கு வந்ததும் பாரம் குறைகிறது, பிடி விடுகிறது, பட்டன் வெடுக்கென்று பழைய நிலைக்குச் சறுக்குகிறது. தேய்வு நடப்பது அந்தச் சறுக்கலில். எல்லாப் பட்டனும் ஒரே அளவில் சறுக்கினால் டயர் சாய்வாக, ஆனால் சமமாகத் தேயும். ஒரு பட்டன் ஒரு மயிரிழை உயரம் குறைந்துவிட்டால் அதன் மேல் பாரம் குறையும், அது கூடுதலாகச் சறுக்கும், இன்னும் தேயும். பக்கத்தில் உயரமாக நிற்கும் பட்டன் பாரத்தைத் தாங்கி ஒட்டிக்கொண்டு தப்பிக்கும். அடுத்த சுற்றில் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

இது ஏன் பின் டயரில் அதிகம் என்றும் சொல்ல வேண்டும். முன்சக்கர இழுவை காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. ஓட்டுநர் மட்டும் போகும்போது பின்சக்கரத்தில் பாரம் மிகக் குறைவு. லேசான பாரத்தில் பட்டன் சுலபமாகச் சறுக்கும். அப்புறம், முன் டயரை எஞ்சின் ஒரு திசையில் தள்ளும், பிரேக் எதிர்த் திசையில் தள்ளும், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் திருப்பும். அதனால் அங்கே ஒரு பக்கம் விழும் தேய்வை மறுபக்கம் விழுவது ஓரளவு ஈடுகட்டும். பின் டயருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிரேக் மட்டும் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, டோ மட்டும் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது. 24,000 கி.மீ. வரை டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடாமல் ஓட்டியிருந்தால், அந்த அலை வளர உங்கள் கார் முழு அவகாசம் கொடுத்திருக்கிறது. இதில் காற்றும் குறைவாக இருந்தால் ஓரப் பட்டன்கள் இன்னும் நெளியும், வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

இப்போது ஷாக் அப்சார்பர். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் ஸ்பிரிங்குக்கும் டயரின் காற்றுக்கும் நடுவில் அது துள்ளத் தொடங்கும். கார்களில் இந்தத் துள்ளல் நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து தடவை வரை இருக்கும். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் ஓரிரு துள்ளலில் அடங்கிவிடும். செத்துப்போயிருந்தால் தொடர்ந்து துள்ளும், ஒவ்வொரு துள்ளலிலும் டயர் பாரம் இழந்து உரசும். அதனால் பள்ளம் விழும் என்பது உண்மை. ஆனால் எப்படிப்பட்ட பள்ளம் என்று பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு சுமார் 1.9 மீட்டர் உருளும் டயரை எடுத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் பன்னிரண்டு சுற்று சுற்றும். துள்ளலும் நொடிக்குப் பன்னிரண்டு என்றால், ஒரு சுற்றுக்கு ஒரு துள்ளல்தான் வரும். எனவே சக்கரம் துள்ளுவதால் விழும் பள்ளம் டயரைச் சுற்றி ஒன்று, இரண்டு என்று அகலமாக, இடைவெளி விட்டு இருக்கும். வீல் பேலன்ஸ் கெட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் சக்கரம் அதிரும், அதோடு ஷாக்கும் போயிருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என்று டயரைச் சுற்றி இருபது பள்ளம் வரிசையாக விழுந்திருந்தால், அதை வெறும் துள்ளலால் விளக்க முடியாது. அது பட்டன் ஒட்டிச் சறுக்கும் கதை, அதற்கு அடியில் டோ இருக்கிறது. பலவீனமான ஷாக் அந்த அலையை வேகப்படுத்தும், ஆனால் தொடங்கி வைப்பது பெரும்பாலும் அதுவல்ல. தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் உள்ள கார்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒரு காரின் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதற்கு மிக நெருக்கமானது. அதுவும் முன்சக்கர இழுவை, பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன், டயர் 22,000 கி.மீ. ஓடியது. வேறொரு இடத்தில் பின் பேரிங்கை மாற்றியிருந்தார்கள், சத்தம் போகவில்லை. அடுத்து ஷாக் இரண்டையும் மாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் முதலில் குளிர்ந்த டயரில் காற்றைப் பார்த்தேன். பின்னால் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 27 இருந்தது. டிரெட் ஆழத்தைப் பின் இடது டயரில் குறுக்கே மூன்று இடத்தில் அளந்தேன். வெளியே 5.3 மி.மீ., நடுவில் 5.1, உள்ளே ஓர் இடத்தில் 3.5. அந்த உள்ளோரத்தையே சுற்றிலும் அளந்தபோது, ஒன்பது சென்டிமீட்டருக்கு ஒருமுறை 3.5, 2.3, 3.5, 2.3 என்று மாறிக்கொண்டே இருந்தது. வலது டயரிலும் இதே போக்கு, ஆனால் லேசாக. இடது அதிகம், வலது குறைவு என்றதுமே எனக்குக் கோணம் ஒரு பக்கம் விலகுகிறது என்று தோன்றிவிட்டது. காற்றுக் குறைவு மட்டும்தான் காரணம் என்றால் வெளியோரமும் தேய்ந்திருக்க வேண்டும்.

அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினேன். பின் இடது டோ வெளிப்பக்கம் 0.05 டிகிரி. அந்த மாடலுக்கு அது வரம்புக்குள்தான், திரையில் பச்சை. அதோடு நிறுத்தியிருந்தால் அந்தக் காரின் உரிமையாளர் கையிலும் ஒரு பச்சை ரிப்போர்ட்தான் போயிருக்கும். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டு, கொஞ்சம் பின்னால் உருட்டி மறுபடி முன்னால் கொண்டுவந்து திரும்ப அளந்தேன். இந்த முறை வெளிப்பக்கம் 0.28. மூன்றாவது முறை 0.11. வலப்பக்கம் மூன்று முறையும் ஒரே எண், அசையவில்லை. ஒரே கார், ஒரே மெஷின், ஒரு பக்கம் மட்டும் எண் ஆடுகிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ கழன்று ஆடுகிறது. லிஃப்டில் தூக்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையைச் சட்டத்தோடு பிடிக்கும் பெரிய புஷ்ஷில் கம்பி கொடுத்து நெம்பினேன். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ரப்பர் மாதிரி இருந்தது, நெம்பியதும் உள்ளே பாதிச் சுற்றுக்குக் கிழிந்திருப்பது தெரிந்தது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கை பின்னால் இழுபட்டு, சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. கார் நின்றதும் ரப்பர் அதைக் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறது.

ஷாக் இரண்டிலும் எண்ணெய் வழியவில்லை, ஓட்டிப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை. அதனால் அவற்றைத் தொடவில்லை. இரண்டு பக்கப் புஷ்ஷையும் மாற்றி, டோவை உள்பக்கம் 0.10-க்கு வைத்து, மறுபடி அமுக்கி உருட்டி மூன்று முறை அளந்தோம். எண் அசையவில்லை. பின்னால் புது டயர் போட்டு 8,000 கி.மீ. கழித்து வந்தபோது குறுக்கே எங்கே அளந்தாலும் வித்தியாசம் 0.2 மி.மீ.-க்குள் இருந்தது, கையால் தடவினால் அலை இல்லை.

உங்கள் காரில் என்ன செய்யலாம் என்றால், முதலில் கையை நம்புங்கள். பின் டயரின் உள்ளோரத்தில் விரல்களை வைத்து, முதலில் குறுக்கே தடவுங்கள். வெளியிலிருந்து உள்பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் பட்டன் விளிம்பு விரலைக் குத்துவதாகவும் இருந்தால் சக்கரம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் வெளிப்பக்கம். பிறகு டயரின் சுற்றோடு சேர்த்துத் தடவுங்கள். பட்டனுக்குப் பட்டன் ஒரு முனை உயரமாகவும் மறுமுனை தாழ்வாகவும், ரம்பப் பல் மாதிரி மட்டும் இருந்தால் அது இயங்கு சக்கரமல்லாத டயரில் சகஜம், மாற்றிப் போட்டாலே பெரும்பாலும் அடங்கும். கை முழுக்க ஏறி இறங்கும் அளவுக்கு அலை இருந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும். காற்றை, கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளந்து எழுதி வையுங்கள். ஓடிய டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடத் தெரியும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அது குறைவாக நிற்கும்.

பேரிங் சந்தேகத்தைத் தீர்ப்பது சுலபம். டயர் சத்தம் சாலையின் மேற்பரப்பு மாறினால் மாறும், பின் டயர்களை முன்னால் போட்டால் சத்தமும் முன்னால் வரும். பேரிங் சத்தம் இடம் மாறாது, நீளமான வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடும் அல்லது குறையும். பின் டயர்களை முன்னால் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டால், பேரிங்கை மாற்றிப் பார்க்கும் வேலை மிச்சம். டயர் ஓரம் தேய்ந்து அடையாள மேட்டை, அதாவது 1.6 மி.மீ. ஆழத்தைத் தொட்டுவிட்டிருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம், அந்த டயரோடு வேகமாக ஓட்டாதீர்கள்.

அலைன்மென்டுக்கு மறுபடி போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். அமுக்கி உருட்டிக் குறைந்தது இரண்டு முறை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளப்பதற்கு முன் பின் புஷ்களைக் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் ஆடும்போது டோ திருத்துவது வீண், ஆடுகிற எண்ணைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. உங்கள் காரின் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை அச்சு இருந்தால், பெரும்பாலான மாடல்களில் டோவைத் திருத்தும் வசதியே இருக்காது. எண் அதில் வரம்பு தாண்டியிருந்தால் அச்சோ, சக்கர மையத்தைத் தாங்கும் தண்டோ எங்கோ அடிபட்டு வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போது தேட வேண்டியது புஷ்ஷை மட்டுமல்ல, பழைய மோதலின் தடயத்தையும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு வார்த்தை. காரை ஒரு மூலையில் அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, முழுவதும் செத்துப்போன ஷாக்கைத்தான் காட்டும். கையால் அமுக்குவது மெதுவான அசைவு, சக்கரத் துள்ளலோ மிக வேகமான அசைவு. மெதுவில் நன்றாகப் பிடிக்கும் ஷாக் வேகத்தில் பிடிக்காமல் போகலாம். மேலே லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கவலை வேண்டாம், ஈரமாக வழிந்து கீழே தூசி ஒட்டியிருந்தால் போய்விட்டது. மாற்றினால் அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். உங்கள் டயரில் நான் சொன்ன மாதிரி ஒன்றிரண்டு அகலமான பள்ளம் மட்டும் இருந்தால், என் வரிசையைத் தலைகீழாக்கி ஷாக்கையும் பேலன்ஸையும் முதலில் பாருங்கள்.

டயர் தயாரிப்பிலேயே குறை என்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். அப்படிப்பட்ட டயர் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, வட்டம் கோணி அல்லது ஓர் இடத்தில் புடைத்து, புதிதிலிருந்தே அதிரும். உங்களுக்கு இரண்டு டயரும் ஒரே ஓரத்தில் ஒரே மாதிரிப் போயிருக்கின்றன, அது காரைத்தான் காட்டுகிறது. இதையெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். புஷ்ஷில் கம்பி வைக்காமல் உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

காரணத்தைச் சரிசெய்த அன்றே சத்தம் நின்றுவிடாது. அலை ஏற்கெனவே ரப்பரில் இருக்கிறது. இருபது பள்ளமும் நொடிக்குப் பன்னிரண்டு சுற்றும் சேர்ந்தால் நொடிக்கு 240 தட்டல், நீங்கள் கேட்கும் 'ஊம்' அதுதான். டிரெட் மிச்சமிருந்தால் அந்த டயர்களை முன்னால் போட்டு ஓட்டுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் மேடுகள் தேய்ந்து சத்தம் குறையும், ஆழமாக விழுந்திருந்தால் முழுவதும் போகாது. இனிமேல் 8,000 முதல் 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளோரத்தில் விரல் வைத்துப் பாருங்கள், அடுத்த அலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும்.